பதிவுப் படிவத்தைப் பாதியில் விடுகிறார்களா? லேபிளையும் குறிப்பையும் திருத்தி எழுதும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி மாதம் பள்ளிகள் திறக்கும்போதே சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளுக்கும் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் நடக்கும் அப்படி ஒரு வகுப்பின் பதிவுப் பக்கத்தைச் சரிசெய்து தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். இணையதளங்களுக்கு வாசகம் எழுதுவது என் தொழில். வகுப்பை நடத்தும் அக்கா சொன்னது இதுதான்: "திறந்து பார்க்கிறார்கள் தம்பி, பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம் சனிக்கிழமை காலையில் நேரே வந்து, வாசலில் நின்று பேப்பரில் எழுதிக் கொடுக்கிறார்கள்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருந்தது. சேர்க்க மனமில்லாதவர் வாசல்வரை வரமாட்டார். பேப்பர் படிவத்திலும் அதே கேள்விகள்தான், அதே நீளம்தான். இருந்தும் அதை முடிக்கிறார்கள். காரணம், மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சந்தேகம் வந்தால் "அக்கா, இங்கே என்ன எழுதணும்?" என்று கேட்கலாம். போனில் அப்படிக் கேட்க ஆளில்லை. படிவம் நீளமாக இருப்பதால் விடுகிறவர்களைவிட, ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்து "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். மேசைக்குப் பின்னால் இருப்பவர் சொல்லும் பதிலை அந்தக் கட்டத்தின் மேலேயே எழுதி வைப்பதுதான் நம் வேலை.

இந்த வழிகாட்டியில் அந்த ஒரு படிவத்தையே எடுத்துக்கொண்டு போகிறேன். பக்கம் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கிறது. இங்கே பெரும்பாலான பெற்றோர் ஆங்கிலத்தில்தான் நிரப்புவார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் தமிழில் நிரப்புவார்கள். சிக்கல் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் தமிழ் வாசகத்தையே காட்டுகிறேன்.

முதலில் கேள்விகளைச் சேகரியுங்கள்

வாசகத்தில் கை வைக்கும் முன் ஒரு காலை நேரம் செலவழியுங்கள். நான் ஒரு சனிக்கிழமை அந்த மேசைக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பெற்றோர் எந்தக் கட்டத்தில் பேனாவை நிறுத்துகிறார்கள், என்ன கேட்கிறார்கள், அக்கா என்ன பதில் சொல்கிறார் என்று மூன்று பத்தி போட்டு அப்படியே எழுதினேன். திருத்தாமல், அவர்கள் வாயில் வந்த சொல்லிலேயே எழுதுவது முக்கியம். "குடும்பப் பெயர்னா சர்நேமா?" என்று ஒருவர் கேட்டால், அந்தக் கட்டத்தின் பெயரான லேபிளில் எந்தச் சொல் வேண்டும் என்பதை அவரே சொல்லிவிட்டார்.

நேரில் உட்கார வழியில்லாத படிவம் என்றால் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகளைப் பாருங்கள். இல்லாவிட்டால் நான்கைந்து பேரைக் கூப்பிட்டு அவரவர் போனிலேயே நிரப்பச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருங்கள். அவர்கள் கேட்டாலும் உடனே பதில் சொல்லாதீர்கள். "நான் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "விட்டுடுவேன்" என்று எந்தக் கட்டத்தில் சொல்கிறார்களோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதோடு, ஒவ்வொருவரும் கடைசியாகத் தொட்ட கட்டம் எது என்பதையும் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். கட்டத்தின் பெயரை மட்டும் அனுப்புங்கள், உள்ளே எழுதியதை ஒருபோதும் அனுப்பக் கூடாது. போனில் பக்கத்தை மூடும்போது `beforeunload` நம்பகமாக வேலை செய்யாது. பக்கம் திரையிலிருந்து மறைந்து `visibilitychange` நிகழும்போது `navigator.sendBeacon` வழியாக அனுப்புவதுதான் கைகொடுக்கும். ஆனால் இந்தக் கணக்கு, எங்கே நின்றார்கள் என்பதைத்தான் சொல்லும். ஏன் நின்றார்கள் என்பது நோட்டுப் புத்தகத்தில்தான் கிடைக்கும்.

எடுத்துவிட வேண்டிய கட்டங்கள்

எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேவையில்லாத கேள்விக்கு நல்ல லேபிள் கிடையாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் "இந்தப் பதிலை யார், எப்போது எடுத்துப் பார்ப்பார்கள்?" என்று படிவத்தின் சொந்தக்காரரிடம் கேளுங்கள். ஆள் பெயர் வராத கட்டம் போகட்டும்.

நம் படிவத்தில் பிள்ளையின் அடையாள எண், பிறந்த தேதி இரண்டும் இருந்தன. தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம். அதில் முதல் ஆறு இலக்கமும் பிறந்த ஆண்டு, மாதம், நாள்தான். 2016 மார்ச் 9 அன்று பிறந்த பிள்ளையின் எண் 160309 என்று தொடங்கும். ஆகவே ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம். அக்காவுக்குத் தேவைப்பட்டது வயது மட்டும்தான், அதனால் எண்ணை எடுத்தோம். மேசையில் அதிகப் பேர் தயங்கியதும் அந்தக் கட்டத்தில்தான். பிள்ளையின் எண் யாருக்கும் மனப்பாடமாக இருக்காது. பிறப்புச் சான்றிதழைத் தேடி எழுந்து போனவர் படிவத்துக்குத் திரும்பி வருவது அபூர்வம். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இன்னும் பெறாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த எண்ணே இல்லாமல் இருக்கலாம்.

"இனம்" என்று ஒரு கட்டமும் இருந்தது. ஏதோ பழைய படிவத்தைப் பார்த்து எழுதியதில் ஒட்டிக்கொண்டு வந்தது. இங்கே போப்பியா என்று சொல்லப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், உடல்நலம் போன்றவற்றைச் சிறப்புத் தகவல் என்று தனியாக வைத்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்கும் தனி விதி உண்டு: பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். 2020 ஜூலை 1 அன்று அதன் முக்கிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. இணங்கிக்கொள்ள ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். ஒரு தமிழ் வகுப்புக்கு இனம் தெரிய வேண்டிய தேவையே இல்லை. எடுத்தாயிற்று.

பாஸ்வேர்டும் போயிற்று. ஆண்டுக்கு ஒருமுறை பதிவு செய்கிறவருக்குக் கணக்கு எதற்கு? உங்கள் சேவைக்குக் கணக்கு கட்டாயம் வேண்டும் என்றால், பாஸ்வேர்டின் நீள விதியைத் தப்பு செய்த பிறகு சிவப்பில் காட்டாமல் முன்கூட்டியே கட்டத்தின் மேல் எழுதிவிடுங்கள்: "குறைந்தது 8 எழுத்து. நீளமாக இருப்பது நல்லது." பெரிய எழுத்து, குறியீடு என்று கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

பெயர்க் கட்டம்: நம்மவர்களுக்கு இதுதான் பெரிய முடிச்சு

பழைய படிவத்தில் மூன்று கட்டம் இருந்தது: "பெயர்", "இனிஷியல்", "குடும்பப் பெயர்". பார்ப்பதற்கு இதில் என்ன குழப்பம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சனிக்கிழமை என் நோட்டில் பாதிப் பக்கம் இதற்கே போயிற்று.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்ததிலிருந்து இங்கே வந்தவர்களின் பரம்பரையில், பட்டப் பெயர்கள் எல்லாம் தலைமுறைப் போக்கில் சர்நேமாகிவிட்டன. கவெண்டர், மூட்லி, படையாச்சி, செட்டி, பிள்ளை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டு. இவர்களுக்கு இனிஷியல் என்றால் தங்கள் சொந்தப் பெயர்களின் முதலெழுத்து. தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கோ இனிஷியல் என்றால் அப்பா பெயரின் முதலெழுத்து. சர்நேம் என்று ஒன்று இல்லாமலே போகலாம், இந்திய பாஸ்போர்ட்டிலும் அந்த இடம் வெறுமையாக இருக்கலாம். ஒரே சொல்லை இரண்டு வீட்டார் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். "எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லையே, இதை விட்டால் போகுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். இணையப் பக்கத்தில் விட்டால் போகாது, அது கட்டாயக் கட்டம். அவர் அங்கேயே நின்றிருப்பார்.

இது போதாதென்று, "பெயர்" யாருடைய பெயர்? நிரப்புவது அம்மா, சேருவது பிள்ளை. அம்மா தன் பெயரை எழுதிவிட்டு, நாலு கட்டம் தள்ளி "பெற்றோர் பெயர்" என்று பார்த்ததும்தான் தப்பு தெரிகிறது. போனில் மேலே போய்த் திருத்த வேண்டும். சிலர் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

இதை எப்படித் திருத்துவது? அக்காவிடம் கேட்டேன்: "இந்தப் பெயரை எங்கே பயன்படுத்துவீர்கள்?" ஆண்டு முடிவில் சான்றிதழில் அச்சிட, வகுப்பில் கூப்பிட. இவ்வளவுதான். ஆக இரண்டு தேவை, இரண்டு கேள்வி:

> பிள்ளையின் முழுப் பெயர்
> சான்றிதழில் இப்படியே அச்சிடுவோம். சர்நேம் இருந்தால் சேர்த்து எழுதுங்கள்.
>
> வகுப்பில் எப்படிக் கூப்பிடலாம்? (விருப்பமிருந்தால்)

"குடும்பப் பெயர்" என்பது நல்ல தமிழ்தான். ஆனால் இங்கே கையிலிருக்கும் அடையாள அட்டை, பள்ளிப் படிவம் எல்லாவற்றிலும் சர்நேம் என்றுதான் இருக்கிறது, பேச்சிலும் அப்படித்தான். லேபிளில் எழுத வேண்டிய சொல், நிரப்புகிறவர் கையிலுள்ள ஆவணத்தில் இருக்கும் சொல். தமிழ்ப் பற்றைக் காட்ட வேறு இடங்கள் இருக்கின்றன. படிவத்தில் ஒரு கணம் தயங்க வைத்தால் ஒரு பிள்ளை தமிழ் படிக்க வராமல் போகலாம்.

உங்கள் பின்புலத் தரவுத்தளம் சர்நேமைத் தனியாகக் கேட்கிறது என்றால் கட்டத்தைப் பிரிக்கத்தான் வேண்டும். அப்போது "ஒரே பெயர்தான் என்றால் இதை வெறுமையாக விடுங்கள்" என்ற குறிப்பை எழுதுங்கள். எழுதுவதோடு நிற்காமல், வெறுமையாக விட்டால் பக்கம் உண்மையிலேயே ஏற்கிறதா என்று நீங்களே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். குறிப்பு ஒன்று சொல்லி நிரல் வேறொன்று செய்தால் அதைவிட மோசம் இல்லை.

பிள்ளையின் பெயர்க் கட்டத்துக்கு `autocomplete="name"` போட்டுவிடாதீர்கள். போன் அம்மாவின் பெயரைத் தானாக நிரப்பிவிடும். அம்மா கவனிக்காமல் அனுப்பியும் விடுவார். அதை அம்மாவின் பெயர்க் கட்டத்துக்கு மட்டும் வையுங்கள். பிள்ளையின் கட்டத்துக்கு `autocomplete="off"`. சில பிரவுசர்கள் இதை மதிப்பதில்லை, அதனால் லேபிளில் "பிள்ளையின்" என்ற சொல் முதலில் வருவது அவசியம்.

குறிப்பு எங்கே, எவ்வளவு

குறிப்பு என்பது மூன்று வகைக் கேள்விக்குத்தான் பதில்: எதைக் கேட்கிறீர்கள், எப்படி எழுத வேண்டும், எதற்குக் கேட்கிறீர்கள். முதல் கேள்வி எழுந்தால் குறிப்பு வேண்டாம், லேபிளையே மாற்றுங்கள். மற்ற இரண்டுக்கும்தான் குறிப்பு. நோட்டில் ஒரு கேள்வியும் விழாத கட்டத்துக்குக் குறிப்பு எழுதவே கூடாது. எல்லாக் கட்டத்துக்கும் குறிப்பு இருந்தால் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள், படித்தே ஆக வேண்டிய ஒன்றும் அதில் மறைந்து போகும்.

இடம், லேபிளுக்கும் கட்டத்துக்கும் நடுவில். கட்டத்தின் கீழே போட்டால், தட்டியதும் எழும் கீபோர்டும் பிரவுசரின் பரிந்துரைப் பட்டியலும் அதை மூடிவிடும். கேள்விக்குறி ஐகானுக்குள் ஒளித்து வைப்பதும் வேண்டாம். குழம்பியவர் ஐகானைத் தேடி அழுத்த மாட்டார். நீளம் ஒன்று அல்லது இரண்டு சிறு வாக்கியம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, சின்னப் போனில் மூன்று வரி எளிதில் ஆகிவிடும். இரண்டு வரிக்கு மேல் போனால் வெட்டுங்கள்.

கட்டத்துக்கு உள்ளேயே சாம்பல் நிறத்தில் எழுதுவது பலருக்கும் பழக்கம். நம் பழைய படிவமும் அப்படித்தான். தட்டிய உடனே அது மறைந்துவிடும், பாதி எழுதும்போது என்ன கேட்டார்கள் என்று பார்க்க முடியாது. இன்னொன்றை நான் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு பாட்டி பேத்திக்காகப் போனில் நிரப்பிக்கொண்டிருந்தார். முகவரிக் கட்டத்துக்குள் மாதிரிக்காக ஒரு தெருப் பெயர் சாம்பலில் இருந்தது. "இது ஏற்கெனவே எழுதியிருக்கே" என்று சொல்லித் தாண்டிப் போனார். கடைசியில் அனுப்பும்போது பக்கம் சிவப்பாகி நின்றது. அவருக்கு எது தப்பு என்றே புரியவில்லை. போனைப் பையில் வைத்துவிட்டு "பேப்பர் இருந்தா குடும்மா" என்றார்.

திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கும் குறிப்பு கேட்க வேண்டும். அதற்கு குறிப்பையும் கட்டத்தையும் `aria-describedby` கொண்டு இணைக்க வேண்டும்:

```html
<label for="cell">உங்கள் செல் எண்</label>
<p id="cell-help">வகுப்பு இல்லாத நாளில் இதற்கு வாட்ஸ்அப் செய்வோம்.</p>
<input id="cell" name="cell" type="tel"
       autocomplete="tel" aria-describedby="cell-help">
```

இந்தக் குறிப்பில் "10 இலக்கம், இடைவெளி இல்லாமல்" என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். இங்கே சிலர் 0-வில் தொடங்கி எழுதுவார்கள், சிலர் +27 போடுவார்கள், பலரும் நடுவில் இடைவெளி விடுவார்கள். மூன்றும் சரிதான். இடைவெளியை நிரலே நீக்கிவிடலாம். கணினி செய்யக்கூடிய வேலையைப் பெற்றோர் தலையில் கட்டுவதற்கு ஒரு குறிப்பை வீணாக்காதீர்கள். "எதற்குக் கேட்கிறீர்கள்" என்பதற்குத்தான் இங்கே பதில் தேவைப்பட்டது. விளம்பரத்துக்குக் கூப்பிடுவார்களோ என்ற பயம்தான் மேசையில் கேள்வியாக வந்தது.

"தமிழ்த் தரம்" என்ற கட்டம்

பக்கத்தில் பதிவான கணக்குப்படி அதிகப் பேர் நின்ற இடம் இது. லேபிள் "தமிழ்த் தரம்", கீழே மூன்று தெரிவு: தொடக்கம், இடைநிலை, மேல்நிலை. ஆசிரியருக்கு இவை தெளிவான சொற்கள். பெற்றோருக்கு? "வீட்டில் தாத்தாகிட்ட பேசுவான், ஆனா எழுதத் தெரியாது. அது இடைநிலையா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கேட்காமலே தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தார், ஏனென்றால் தப்பாகச் சொல்லிப் பிள்ளை வகுப்பில் திணறக் கூடாது என்ற கவலை. அந்தப் பெண் பிள்ளைக்கோ நன்றாகவே படிக்க வந்தது.

இந்த மாதிரிக் கட்டத்தில் குறிப்பு எழுதிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். "இடைநிலை என்பது..." என்று விளக்கம் போட்டால் நீளும், குழப்பம் தீராது. கேள்வியே தப்பு. பெற்றோரை மதிப்பிடச் சொல்கிறோம். அவர்களுக்குத் தெரிந்தது பிள்ளை வீட்டில் என்ன செய்கிறது என்பதுதான். ஆகவே கண்ணால் பார்த்ததைக் கேட்க வேண்டும். மேசையில் அக்கா எப்படிப் பிரிக்கிறார் என்று பார்த்தேன். அவர் தரம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "அ, ஆ தெரியுமா? சின்னச் சொல் படிப்பாளா?" என்றுதான் கேட்டார். அதையே எழுதினேன்:

> பிள்ளைக்கு இப்போது எது பொருந்தும்?
> சரியாகத் தெரியாவிட்டால் பரவாயில்லை. முதல் வாரம் ஆசிரியர் பார்த்து மாற்றிக்கொள்வார்.
>
> ○ தமிழ் எழுத்து இன்னும் தெரியாது
> ○ அ, ஆ, க, கா போன்றவை தெரியும்
> ○ அம்மா, பழம் போன்ற சொற்களைப் படிப்பாள் / படிப்பான்
> ○ சிறு கதையைத் தானே படிப்பாள் / படிப்பான்

பேச்சுத் தமிழ் பற்றித் தனியாக ஒரு கேள்வி வைத்தோம், ஏனென்றால் பேசத் தெரிந்தும் எழுத்து தெரியாத பிள்ளைகள்தான் இங்கே நிறைய. இதில் உண்மையாக வேலை செய்தது குறிப்பின் இரண்டாம் வாக்கியம். தப்பான பதில் சொன்னால் என்ன ஆகும் என்ற பயம்தான் கையை நிறுத்தியது. பின்னால் மாற்றலாம் என்றால் அதை அங்கேயே சொல்லிவிடுங்கள். மாற்ற முடியாது என்றால் அப்படி எழுதக் கூடாது.

மீதிக் கட்டங்கள், சுருக்கமாக

"அவசரத் தொடர்பு" என்ற கட்டத்தில் பலரும் தங்கள் எண்ணையே மறுபடி எழுதியிருந்தார்கள். அவர்கள் பார்வையில் அது சரியான பதில்தான். "உங்களை எட்ட முடியாவிட்டால் யாரைக் கூப்பிடலாம்?" என்று மாற்றினோம்.

"மருத்துவ விவரம்" என்பதைப் பார்த்து எதை எழுதுவது, எழுதினால் யார் படிப்பார்கள் என்று தயங்கினார்கள். "ஒவ்வாமை, ஆஸ்துமா போன்று ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?" என்று எழுதி, "இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வகுப்பு ஆசிரியர் மட்டுமே பார்ப்பார்" என்று குறிப்பு போட்டோம். அப்படி எழுதிய பிறகு, அந்தத் தகவலைக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிய பழைய வழக்கத்தை அக்கா நிறுத்த வேண்டியிருந்தது. குறிப்பு என்பது கொடுக்கும் வாக்கு.

நட்சத்திரக் குறி எதற்கு என்று பலருக்குத் தெரியாது. கட்டாயக் கட்டங்கள் அதிகமாக இருந்தால், கட்டாயமில்லாததில் மட்டும் "விருப்பமிருந்தால்" என்று சொல்லாகவே எழுதுங்கள்.

பட்டனில் "சமர்ப்பி" என்றிருந்தது. அதை அழுத்தினால் உடனே பணம் கேட்குமோ என்று இரண்டு பேர் நின்றார்கள். "பிள்ளையைப் பதிவு செய்" என்று மாற்றி, பட்டனுக்கு மேலே "இப்போது பணம் கட்ட வேண்டாம். கட்டணத்தை முதல் வகுப்பில் செலுத்தலாம்" என்று ஒரு வரி வைத்தோம்.

எப்படிப் பேசுவது

தமிழ்ப் படிவங்களில் "உள்ளிடவும்", "தேர்வு செய்யவும்", "சரிபார்க்கவும்" என்றே எழுதிப் பழகிவிட்டோம். "-வும்" என்ற முடிவு அரசு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் இருந்து வருவது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதே அதில் இருக்காது. அக்கா மேசையில் "எழுதுங்க", "பார்த்துக்குங்க" என்றுதான் சொல்கிறார். எழுத்துக்கு அது "எழுதுங்கள்", "பாருங்கள்" ஆகும். மரியாதை குறையவில்லை, ஆள் எதிரில் இருப்பதுபோல் ஆகிறது. பல இடங்களில் வினைச்சொல்லே வேண்டாம்: "பிறந்த தேதியை உள்ளிடவும்" என்பதற்கு "பிள்ளையின் பிறந்த தேதி" போதும்.

பிழைச் செய்தியிலும் இதேதான். "தவறான உள்ளீடு" என்றால் திட்டுவதுபோல் இருக்கிறது, என்ன செய்வது என்றும் தெரியவில்லை. "செல் எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது" என்றால் பார்த்துத் திருத்திவிடுவார். அந்தச் செய்தி அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே வர வேண்டும், ஏற்கெனவே எழுதியது எதுவும் அழியக் கூடாது. மின்சாரமும் சிக்னலும் போய்வரும் ஊரில் எழுதியதைத் தொலைத்தவர் இரண்டாம் முறை எழுத வரமாட்டார்.

மாற்றிய பிறகு சரிபார்ப்பது

எழுதி முடித்ததும் முதல் சோதனை காதால். லேபிளையும் குறிப்பையும் போனில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பக்கத்தைப் பார்க்காமலே சரியான பதிலைச் சொன்னால் அந்தக் கட்டம் தேறிவிட்டது. "எது?" என்று திருப்பிக் கேட்டால் மறுபடி எழுதுங்கள்.

அப்புறம் கணக்கு. மொத்தம் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் ஜனவரியில் வருகிறவர் முடிவு செய்துவிட்டு வருகிறார், ஜூனில் வருகிறவர் சும்மா எட்டிப் பார்க்கிறார். கட்டம் கட்டமாகப் பாருங்கள். தமிழ்த் தரக் கட்டத்துக்கு 40 பேர் வந்து 28 பேர் அடுத்ததற்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், நூற்றுக்கு 70. மாற்றிய பிறகு 42 பேர் வந்து 38 பேர் போனால் நூற்றுக்குச் சுமார் 90. எண்ணிக்கை சிறியது என்பதால் ஒரு வாரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே நேரத்தில் எல்லாக் கட்டத்தையும் மாற்றினாலும் இந்த முறையில் எது பலன் தந்தது என்று ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும்.

பதில்களின் தரத்தையும் பாருங்கள். அவசர எண்ணும் பெற்றோர் எண்ணும் ஒன்றாக இருக்கும் படிவங்கள் எத்தனை? வகுப்புக்கு வந்தபின் நிலையை மாற்ற வேண்டி வந்த பிள்ளைகள் எத்தனை? எல்லோரும் தாண்டிப் போய்த் தப்பாக நிரப்பினால் அந்த லேபிள் இன்னும் சரியாகவில்லை.

நம் படிவத்தில் நின்ற இடங்கள் குறைந்ததும் புதிதாக ஒன்று தெரிந்தது. இரண்டு பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்கள் முதல் பிள்ளைக்கு முழுதாக நிரப்பிவிட்டு, பட்டனை அழுத்தாமல் நின்றார்கள். அழுத்தினால் எல்லாம் முடிந்துவிடுமோ, தம்பியைச் சேர்க்க முடியாதோ என்ற சந்தேகம். பட்டனுக்கு மேலே இன்னொரு வரி சேர்த்தோம்: "இன்னொரு பிள்ளையும் இருந்தால் அடுத்த பக்கத்தில் சேர்க்கலாம். உங்கள் பெயரும் செல் எண்ணும் மறுபடி எழுத வேண்டாம்."